பிந்தி வரும் ஒருவருக்குத் தமிழில் எழுதிய எச்சரிக்கைக் கடிதம்

மலையகத்துச் சிறு நிறுவனங்களில் எச்சரிக்கைக் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. முதலாளிக்குக் கோபம் வருகிறது. கொழும்பில் தெரிந்த யாரிடமிருந்தோ ஆங்கிலத்தில் ஒரு மாதிரிக் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்து சேருகிறது. பெயரையும் திகதியையும் மாற்றி அச்சடித்து, ஊழியர் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து நீட்டுகிறார்கள். அவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறார். அடுத்த வாரமும் பிந்தித்தான் வருகிறார்.

அப்படி ஒரு கடிதத்தால் இரண்டு பக்கத்துக்கும் பயன் இல்லை. வாங்கியவருக்குத் தான் எதை மாற்ற வேண்டும் என்று தெரியவில்லை. கொடுத்தவர் பின்னால் ஒருநாள் தொழில் நியாய சபையில் நிற்க வேண்டி வந்தால், "அதில் என்ன எழுதியிருந்தது என்றே எனக்குத் தெரியாது" என்று ஊழியர் சொல்லும் ஒற்றை வரிக்கு அவரிடம் பதில் இருக்காது.

ஹட்டனிலும் அதைச் சுற்றியும் உள்ள சில சிறு நிறுவனங்களுக்கு ஊழியர் நிர்வாக வேலைகளைச் செய்து கொடுப்பவள் நான். அண்மையில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்துக்காக எழுதிய கடிதத்தை இங்கே வைத்துப் பேசப் போகிறேன். சம்பந்தப்பட்ட தங்கச்சியை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் அமைப்பு அப்படியே இருக்கிறது.

அவர் கவுண்டரில் இருப்பவர். காலை 6.45க்கு வந்து, 7 மணிக்குக் கதவு திறந்ததும் வருகிறவர்களின் பெயரைப் பதிந்து பில் போட்டு, இரத்தம் எடுக்கும் அறைக்கு அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். சீனி பார்க்கக் குறைந்தது எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். பொகவந்தலாவைப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு பெரியவர் முந்தின இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டவராக இருப்பார். ஒரு டீ கூடக் குடிக்காமல் குளிரில் உட்கார்ந்திருப்பார். கவுண்டரில் ஆள் இல்லாவிட்டால் அவர் இன்னும் அரை மணித்தியாலம் பசியோடு இருக்க வேண்டும். சீனிக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் அதில் ஆபத்தும் உண்டு. பிந்தி வருவது எந்த இடத்திலும் தொல்லைதான். இங்கே அந்தத் தொல்லை இன்னாருக்கு என்று முகம் காட்டிச் சொல்ல முடிந்தது. கடிதத்துக்கு அது முக்கியம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டபோது, "மாதம் முழுக்க லேட், ஒரு நாள்கூட நேரத்துக்கு வந்ததில்லை" என்றார். நான் முதலில் கேட்டது கைரேகை இயந்திரத்தின் பதிவை. ஜூன் மாதத்தில் 6.45க்குப் பிறகு பதிவான நாட்கள் ஒன்பது. மாதம் முழுக்க என்பது அங்கேயே அடிபட்டுப் போனது.

அந்த ஒன்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. மலைநாட்டில் கைரேகை இயந்திரத்தை நம்புவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, மின்வெட்டுக்குப் பிறகு அதன் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பது. மற்றது, விடியற்காலைக் குளிரிலும் மழையிலும் விறைத்து ஈரமாயிருக்கும் விரலை அது முதல் தடவையில் படிக்கிறதா என்பது. நாலைந்து தடவை வைத்துப் பார்த்துவிட்டு, ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று வேலையைத் தொடங்கிவிட்டு, பிறகு வந்து விரல் வைப்பவர்கள் நிறையப் பேர். ஆய்வுகூடத்தில் இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருந்தது. பில்லில் அதைப் போட்டவரின் பெயரும் நேரமும் அச்சாகும். ஜூன் 19ஆம் திகதி அவர் வந்தது 7.16 என்று இயந்திரம் சொன்னது. ஆனால் அவர் பெயரில் 7.02க்கே ஒரு பில் போயிருந்தது. அவர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அந்த நாளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஜூன் 12ஆம் திகதி டிக்கோயாப் பக்கம் பாதையில் மரம் விழுந்து, அந்த வழியாக வந்த எல்லோருமே பிந்தினார்கள். அதையும் எடுத்தேன். மீதி ஏழு நாட்கள்.

முதலாளிக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒன்பது என்று போட்டால் கனமாக இருக்கும் என்றார். எனக்கு நேர்மாறான எண்ணம். பட்டியலில் ஒரு நாள் பிழை என்று ஊழியர் காட்டிவிட்டால் மீதி எல்லா நாளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அது மட்டுமில்லை. பாதை அடைபட்ட நாளையும் சேர்த்துக் குற்றம் சாட்டுகிறவர்கள் மீது யாருக்கும் மரியாதை வராது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பாதைகள் உடைந்து கிடந்தபோது, நடந்தும் ஏறியும் இறங்கியும் வேலைக்கு வந்தவர்களை நாம் பார்த்தோம். அந்த வாரங்களை வருகைப் பதிவேட்டில் வைத்து ஆளை எடை போடவே கூடாது.

அப்புறம், அதே மாதத்தில் மற்ற ஊழியர்கள் எப்படி வந்திருக்கிறார்கள் என்றும் பார்த்தேன். இதைப் பலர் செய்வதில்லை. மூன்று பேர் பிந்தி வர, பிடிக்காத ஒருவருக்கு மட்டும் கடிதம் கொடுத்தால் அது பழிவாங்கலாகத்தான் தெரியும். இங்கே மற்றவர்கள் எப்போதாவது ஐந்து, பத்து நிமிடம் பிந்தியிருந்தார்கள். ஏழு நாள், அதுவும் 20 நிமிடத்துக்கு மேல் பிந்தியவர் இவர் ஒருவர்தான். சரி, கடிதம் கொடுக்க நியாயம் இருக்கிறது.

கடிதம் எழுதுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். ஏப்ரலில் பொறுப்பாளர் ஒருமுறை வாயால் சொல்லியிருந்தார், அதன் குறிப்பும் கோவையில் இருந்தது. இருந்தாலும் இந்தப் பட்டியலைக் காட்டி, "இதற்கு என்ன காரணம் தங்கச்சி?" என்று யாரும் கேட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அக்கா, சொன்னா முதலாளிக்குத் தெரிய வருமா?" என்று கேட்டார். வீட்டில் ஒரு பொறுப்பு. அது என்னவென்று நான் இங்கேயும் எழுதப் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள் காலையில் அதைப் பார்க்க வேறு ஆள் இல்லை, மற்ற நாட்களில் இருக்கிறார்கள். இதுதான் தெரிய வேண்டியிருந்தது. ஆய்வுகூடத்தில் 8.15க்கு வரும் இன்னொரு முறையும் இருந்தது. அந்த முறையில் இருந்த பெண் டவுனிலேயே இருப்பவர், மூன்று நாள் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். நியமனக் கடிதத்தில் உள்ள நேரத்தை மாற்றுவதென்றால் ஊழியரின் சம்மதமும் வேண்டும், அதையும் அங்கேயே எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

இவ்வளவு ஆன பிறகு கடிதம் எதற்கு என்று பொறுப்பாளர் கேட்டார். வேண்டும் என்றேன். பிந்திய ஏழு நாட்களில் மூன்று, வீட்டுப் பொறுப்பு இல்லாத நாட்கள். ஒரு நாளாவது முன்கூட்டிப் போன் எடுத்துச் சொல்லவும் இல்லை. காரணத்தைப் புரிந்துகொள்வது ஒன்று, இனி எப்படி நடக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்வது வேறொன்று.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிந்துவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிய கதைகள் வீட்டுக்கு வீடு உண்டு. அந்தக் கதைகளோடு வளர்ந்த பிள்ளையின் கையில் அலுவலகக் கடிதத்தைக் கொடுத்தால், வேலை போய்விட்டது என்றுதான் முதலில் நினைப்பார். அதற்குப் பிறகு வரும் எதுவும் மனதில் ஏறாது. ஆகவே இந்தக் கடிதம் எது, எது இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். கடிதம் இதுதான்:

"அன்புள்ள செல்வி ............ அவர்களுக்கு,

வேலைக்குப் பிந்தி வருதல்: முதலாவது எழுத்துமூல எச்சரிக்கை

இது உங்களுக்கு வழங்கப்படும் முதலாவது எழுத்துமூல எச்சரிக்கை ஆகும். இதனால் உங்கள் வேலையோ சம்பளமோ இப்போது பாதிக்கப்படாது. ஆனால் கீழே சொல்லப்பட்டிருப்பது மாற வேண்டும்.

உங்கள் நியமனக் கடிதத்தின்படி காலை வேலை 6.45க்கு ஆரம்பமாகிறது. ஜூன் மாதத்தில் பின்வரும் ஏழு நாட்கள் நீங்கள் பிந்தி வந்திருக்கிறீர்கள்: 3ஆம் திகதி 7.08, 5ஆம் திகதி 7.21, 9ஆம் திகதி 7.15, 10ஆம் திகதி 7.32, 16ஆம் திகதி 7.19, 18ஆம் திகதி 7.11, 23ஆம் திகதி 7.26. பாதை தடைப்பட்ட 12ஆம் திகதியும், பதிவு சரியாக இல்லாத 19ஆம் திகதியும் சேர்க்கப்படவில்லை.

இந்த நாட்களில் வெறும் வயிற்றில் வந்தவர்கள் பதிவுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. இரத்தம் எடுப்பவர் தம் வேலையை நிறுத்திவிட்டுக் கவுண்டர் வேலையையும் பார்க்க வேண்டியிருந்தது.

இது பற்றி ஏப்ரல் 22ஆம் திகதி பொறுப்பாளர் உங்களுடன் பேசினார். ஜூன் 26ஆம் திகதி நாம் பேசியபோது நீங்கள் ஒரு குடும்பப் பொறுப்பைத் தெரிவித்தீர்கள். அதை ஏற்று, உங்கள் சம்மதத்துடன், ஜூலை 1ஆம் திகதி முதல் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் உங்கள் வேலை நேரம் 8.15க்கு ஆரம்பிக்கும்படி மாற்றப்படுகிறது. மற்ற வேலை நாட்களில் 6.45க்குக் கவுண்டரில் இருக்க வேண்டும்.

பஸ் வராவிட்டாலோ பாதை தடைப்பட்டாலோ 6.30க்கு முன் பொறுப்பாளருக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். 8.15க்கு வரும் நாட்களில் 8 மணிக்கு முன் தெரிவித்தால் போதும். அப்படித் தெரிவித்த நாட்கள் தனியாகக் கவனிக்கப்படும்.

ஜூலை 31ஆம் திகதி உங்கள் வருகைப் பதிவை உங்களோடு சேர்ந்து பார்ப்போம். தகுந்த காரணமின்றிப் பிந்துவது தொடர்ந்தால் இறுதி எச்சரிக்கை வழங்கப்படும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் ஒழுக்காற்று விசாரணை நடத்தப்படலாம்.

இக்கடிதத்தில் ஏதாவது பிழை என்று நீங்கள் கருதினால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். உங்கள் பதிலும் இத்துடன் கோவையில் வைக்கப்படும்."

முதலாளி இதைப் படித்துவிட்டு, "கடுமை போதாதே" என்றார். 'தொடர்ச்சியான அலட்சியம்', 'பொறுப்பற்ற நடத்தை', 'இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது' போன்றவை வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருக்கு நான் சொன்னது: 7.32 என்பதை அந்தப் பிள்ளை மறுக்க முடியாது, அலட்சியம் என்பதை மறுக்கலாம். அலட்சியம் என்று எழுதிய உடனே பேச்சு நேரத்தை விட்டுவிட்டு அவருடைய குணத்துக்குப் போய்விடும். வாங்கியவர் இரவெல்லாம் அந்த ஒரு சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். இந்தக் கடிதத்தின் கடுமை எல்லாம் அந்த ஏழு திகதிகளிலும், ஜூலை 31 என்ற திகதியிலும், அடுத்து என்ன நடக்கும் என்ற இரண்டு வரியிலும் இருக்கிறது. அவற்றில் மட்டும் நான் கொஞ்சமும் தணிக்கவில்லை. 'முயற்சி செய்யுங்கள்', 'கூடியவரை' என்றெல்லாம் எழுதினால் எந்த நாள் பிந்தினாலும் முயற்சி செய்தேன் என்று சொல்லிவிடலாம்.

பொறுப்பாளருக்கு வேறொரு ஆசை. அந்தப் பிள்ளை வருகிறவர்களைப் பொறுமையாகக் கவனிப்பவர், அதைப் பாராட்டி ஒரு வரி சேர்ப்போமா என்று கேட்டார். உண்மைதான், ஆனால் அதன் இடம் இது இல்லை. எச்சரிக்கைக்குள் பாராட்டைச் செருகினால் எச்சரிக்கையும் தேயும், பாராட்டும் சமாதானப் பேச்சாகிவிடும். நேரில் சொல்லுங்கள், இன்னொரு நாள் சொல்லுங்கள் என்றேன்.

6.30 என்ற நேரத்துக்கு ஒரு காரணம் உண்டு. முதலாளி 6 மணிக்கு முன் சொல்ல வேண்டும் என்றார். அந்தத் தங்கச்சி இருக்கும் தோட்டத்து லயத்தில் போன் சிக்னல் எடுக்காது, மெயின் ரோட்டுக்கு இறங்கி வந்தால்தான் எடுக்கும். பஸ் வரவில்லை என்பதும் அங்கே வந்த பிறகுதான் தெரியும். 6 மணி என்று போட்டிருந்தால் முதல் வாரத்திலேயே மீறப்படும் ஒரு நிபந்தனையை நாமே எழுதிக் கொடுத்ததாக இருந்திருக்கும்.

குடும்பப் பொறுப்பு என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கடிதத்தில் இல்லை. தனிப்பட்ட கோவை என்றுதான் பெயர். சிறு நிறுவனத்தில் அது அலுமாரியில் இருக்கும், நாலு பேர் திறப்பார்கள். ஒருவர் நம்பிச் சொன்ன வீட்டு விஷயம் அங்கே எழுத்தில் கிடக்கக் கூடாது.

பிந்திய நாளுக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடிப்போம் என்ற யோசனையும் வந்தது. அதை அடியோடு மறுத்தேன். ஊழியரின் சம்பளத்திலிருந்து எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதற்குச் சட்டத்தில் வரையறை இருக்கிறது, முதலாளி நினைத்த தொகையைத் தண்டமாகப் போட முடியாது. அப்படி ஒரு வரி கடிதத்தில் இருந்தால், தொழில் திணைக்களத்துக்குப் போக ஊழியருக்கு நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

கடிதத்தைக் கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் கூட்டம் குறைந்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு. நானும் பொறுப்பாளரும் மட்டும் இருந்தோம். சம்பள நாளிலோ, வாரக் கடைசியில் வீட்டுக்குக் கிளம்பும்போதோ கொடுப்பதை நான் விரும்புவதில்லை. படித்துவிட்டுக் கேள்வி கேட்க அவருக்கு அடுத்த நாள் இருக்க வேண்டும். முழுவதையும் அவரே வாசித்தார். இரண்டு பிரதி, ஒன்று அவருக்கு. கையெழுத்துப் போடும் இடத்தில் "இக்கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும்தான் இருந்தது. பல மாதிரிக் கடிதங்களில் அந்த இடத்தில் "குற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன்" என்று இருக்கும். ஏழு நாளில் மறுப்புச் சொல்லலாம் என்று மேலே எழுதிவிட்டு, கீழே ஏற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குவது முரண். அப்படி இருந்தால் பலர் கையெழுத்துப் போட மறுக்கவும் செய்வார்கள்.

அவர் மறுத்திருந்தால்? சண்டை பிடிக்கத் தேவையில்லை. வாசித்துக் காட்டப்பட்டது, ஒப்பமிட மறுத்தார் என்று திகதியோடு எழுதி, உடனிருந்தவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். வழக்கமாக அடுத்த படி பதிவுத் தபால். ஆனால் லயத்து முகவரிக்குத் தபால் அனுப்புவதில் உள்ள சிக்கல் மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கைமாறிக் கைமாறி வரும், பிந்தும், சில நேரம் வராமலே போகும். வழியில் யார் கண்ணில் படும் என்றும் சொல்ல முடியாது. தபால் ரசீது இருக்கிறது என்பதற்காகக் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக எண்ணக் கூடாது. அதனால் கையில் கொடுப்பதற்கே எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும்.

இங்கே பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது: மூன்று கடிதம் கொடுத்துவிட்டால் ஆளை நிறுத்திவிடலாம் என்று. அப்படி ஒரு எண்ணிக்கையைச் சட்டம் சொல்லவில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நீக்கியது சரிதான் என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது. சபை நியாயமும் ஒப்புரவுமான கட்டளையைத்தான் தேடும். பிந்தியதற்கு ஆதாரம் என்ன, காரணம் கேட்டீர்களா, திருந்த அவகாசம் கொடுத்தீர்களா, மற்றவர்களையும் இப்படித்தான் நடத்தினீர்களா என்பதெல்லாம் அங்கே கேள்வியாக வரும். ஒரே வாரத்தில் அடுத்தடுத்துக் கொடுத்த மூன்று கடிதம் இதில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது.

ஜூலை 31ஆம் திகதி சொன்னபடி உட்கார்ந்து பதிவைப் பார்த்தோம். 8.15 நாட்களில் பிந்தவே இல்லை. 6.45 நாட்களில் இரண்டு தடவை பிந்தியிருந்தார். ஒன்று, பஸ் பழுதான நாள், 6.20க்கே போன் எடுத்துச் சொல்லியிருந்தார். மற்றது ஒன்பது நிமிடம், போன் இல்லை. அந்த ஒன்பது நிமிடத்தையும் நான் சும்மா விடவில்லை. இறுதி எச்சரிக்கைக்குப் போகும் அளவு விஷயம் அது இல்லை, ஆனால் பார்க்கப்பட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டும். நாலு வரியில் ஒரு குறிப்பு எழுதினோம்: வருகை நன்றாக முன்னேறியுள்ளது, ஜூலையில் ஒரு நாள் அறிவிக்காமல் பிந்தியது பற்றிப் பேசப்பட்டது, புதிய நேர முறை டிசம்பர் வரை தொடரும், அப்போது மீண்டும் பார்க்கப்படும். மூவரும் ஒப்பமிட்டு, எச்சரிக்கைக் கடிதத்தின் பின்னால் அதைக் கோவையில் வைத்தோம். அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தோம்.